தூங்கிவிட்டேன் என்று மேலதிகாரிக்கு எழுதும்போது: நான்கு வழிகளும் அவற்றின் தொனியும்

ஒன்பதரை மணிக்குக் கூட்டம். கண் விழிக்கும்போது மணி 9.50. கைபேசியில் மேலதிகாரியிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகளும், "எங்கே இருக்கிறீர்கள்?" என்று ஒரு செய்தியும் இருக்கின்றன. கூட்டம் பதினோரு மணிவரை நடக்கும். அதில் மாத அறிக்கையை விளக்க வேண்டியவர், இப்போது படுக்கையில் உட்கார்ந்திருக்கும் இந்த ஊழியர்தான். அவர் என்ன பதில் எழுத வேண்டும்?

பெரும்பாலோர் கை நான்கு வழிகளில் ஒன்றுக்குப் போகிறது. அலாரத்தின் மேல் பழியைப் போடலாம். "தவிர்க்க முடியாத காரணத்தால்" என்று பொதுவாக எழுதலாம். காய்ச்சல், போக்குவரத்து நெரிசல் என்று வேறொன்றைச் சொல்லலாம். அல்லது தூங்கிவிட்டேன் என்று உள்ளபடியே சொல்லலாம். நான்காவதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் தொனி தானாகச் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. மிக மோசமாக ஒலிக்கும் செய்திகள் பலவும் முழு உண்மையைச் சொல்பவைதாம்.

எதை எழுதினாலும் முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது தூக்கக் கலக்கம். விழித்த கணத்திலேயே மூளை முழுவதுமாக விழித்துவிடுவதில்லை. பொதுவாக 15 முதல் 30 நிமிடம்வரை கவனமும் தீர்மானிக்கும் திறனும் மந்தமாக இருக்கும். முந்தைய இரவு தூக்கம் குறைந்திருந்து, ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழ நேர்ந்தால் அது இன்னும் நீளும். பதற்றம் வேறு சேர்ந்துகொள்ளும்போது, கலக்கம் தெளிந்துவிட்டது போன்ற ஒரு பொய்யான உணர்வு வரக்கூடும். அந்த நேரத்தில் எழுதும் நீண்ட செய்தியின் தொனியை எழுதியவரே சரியாக எடைபோட முடியாது. ஆகவே முதல் செய்தி சிறியதாக இருக்கட்டும். விளக்கம் தேவைப்பட்டால் அது பிற்பகலுக்கு உரியது.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"அலாரம் அடிக்கவில்லை." இதை எழுதுகிறவர் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு உண்மையிலேயே கேட்ட நினைவு இருக்காது. பாதி உறக்கத்தில் கையை நீட்டி அலாரத்தை அணைத்துவிட்டு, அப்படிச் செய்ததே நினைவில்லாமல் தூங்குவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்த நிலையில் நினைவு சரியாகப் பதிவதில்லை. எனவே இந்த வாக்கியத்தை எழுதுவதற்கு முன் கைபேசியைத் திறந்து பார்ப்பது நல்லது. ஒருமுறை மட்டும் அடிக்க வைத்த அலாரம், அடித்து நிறுத்தப்பட்டிருந்தால், பெரும்பாலான கைபேசிகளில் தானாக அணைந்த நிலைக்குப் போயிருக்கும். அது இன்னும் இயங்கும் நிலையிலேயே இருந்தால், காலை 6.30க்குப் பதிலாக மாலை 6.30 என்று வைத்திருக்கிறோமா, வேறு கிழமைக்கு வைத்திருக்கிறோமா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் அலாரத்தை வைத்ததும் அணைத்ததும் நம் கைதான். "அலாரம் அடிக்கவில்லை" என்று படிக்கும் மேலதிகாரியின் மனத்தில், தவறு செய்தது கைபேசி என்று சொல்லும் ஓர் ஊழியர்தான் தெரிவார். அதே நிகழ்வை "அலாரத்தை மாலை நேரத்துக்கு வைத்துவிட்டேன்" என்று எழுதிப் பாருங்கள். நீளம் ஏறக்குறைய அதே. ஆனால் செய்தவர் யார் என்பதில் குழப்பம் இல்லை. காரணமும் நம்பும்படியாக இருக்கிறது.

இரண்டாவது, "எதிர்பாராத காரணத்தால்" என்ற வழி. இது சுற்றறிக்கையின் நடை. முகம் தெரிந்த ஒருவர் கவலையோடு "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டதற்கு இந்த நடையில் பதில் போனால், கதவைச் சாத்தியதுபோல இருக்கும். நடைமுறைச் சிக்கலும் உண்டு. அவர் அக்கறையோடு "என்ன ஆயிற்று?" என்று கேட்பார். அப்போது பொய் சொல்ல வேண்டும், அல்லது முதலில் மறைத்ததை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் தாமதமாக வரும் உண்மை, முதலிலேயே வந்த உண்மையைவிடக் கனமாக விழும்.

ஆனாலும் இந்த வழியை நான் முற்றாக ஒதுக்கமாட்டேன். அதற்கு இரண்டு இடங்கள் உண்டு. செய்தி ஒரு குழுவுக்குப் போகிறது, அதில் வாடிக்கையாளரோ பிற துறையினரோ இருக்கிறார்கள் என்றால், அங்கே உறக்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவை இல்லை, "நான் 10.15க்கு இணைகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்பதே போதும். காரணம் தனியாக மேலதிகாரிக்குப் போகட்டும். இரண்டாவது இடம், தூக்கத்துக்குப் பின்னால் மருந்தோ நோயோ மனச்சோர்வோ இருக்கும்போது. அதை வெளியே சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லை. அப்போதும் "எதிர்பாராத காரணம்" என்று மூடுவதைவிட, "காலையில் எழ முடியவில்லை, உடல்நலம் தொடர்பானது, தேவையானதை நேரில் சொல்கிறேன்" என்பது மேல். மறைப்பது ஒன்று, எவ்வளவு சொல்வது என்பதைத் தானே தீர்மானிப்பது வேறு. படிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது வழியைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. நெரிசலில் மாட்டிக்கொண்டேன் என்றால் தவறிய அழைப்புகளை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி வருகிறது. காய்ச்சல் என்றால் பதினோரு மணிக்கு அலுவலகத்தில் நிற்பது பொருந்தவில்லை. மறுநாள் நலம் விசாரிப்பவர்களுக்கெல்லாம் அதே பொய்யைத் தொடர வேண்டியிருக்கும். தூங்கியதற்குக் கிடைக்கும் கண்டிப்பு அன்றோடு முடிந்துவிடும். வெளிப்பட்ட பொய் அடுத்த உண்மையான காய்ச்சலையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

இனி உள்ளபடி சொல்லும் வழி. நம் ஊழியர் முதல் வேகத்தில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

> மேடம், மிக மிக மன்னிக்கவும். நேற்று இரவு இரண்டு மணி வரை நீங்கள் கேட்ட அறிக்கையைத்தான் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதனால் காலையில் அலாரம் அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. எனக்கே மிகவும் வெட்கமாக இருக்கிறது. இனிமேல் இப்படி நடக்கவே நடக்காது. நிலைமையைப் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன். உடனே கிளம்பி வருகிறேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பணிவும் இருக்கிறது. ஆனாலும் அனுப்பக் கூடாத செய்தி.

"நீங்கள் கேட்ட அறிக்கையைத்தான்" என்ற இடத்தில் பழி மேலதிகாரியின் பக்கம் திரும்பிவிடுகிறது. எழுதியவர் அப்படி நினைத்திருக்கமாட்டார். ஆனால் "நீங்கள்" என்ற சொல்லும் அந்தத் "தான்" என்ற அழுத்தமும் சேர்ந்து, நீங்கள் வேலை கொடுத்ததால்தான் இது நடந்தது என்று சொல்லிவிடுகின்றன. அடுத்து வரும் "அதனால்" அந்த முடிச்சை இறுக்குகிறது. "கேட்கவே இல்லை", "நடக்கவே நடக்காது" என்ற ஏகாரங்கள் யாரோ மறுப்பதற்கு முன்பே வாதாடுகின்றன. "வெட்கமாக இருக்கிறது" என்பது, பரவாயில்லை என்று ஆறுதல் சொல்லும் வேலையையும் கூட்டத்தின் நடுவே இருக்கும் மேலதிகாரியிடமே கொடுக்கிறது. "புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்" பணிவாகத் தோன்றினாலும் அவருடைய முடிவை நாமே எழுதிவிடும் வாக்கியம். புரிந்துகொள்ளாவிட்டால் குற்றம் அவருடையதாகிவிடும். "உடனே" என்பதில் நேரமே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்த நேரத்தில் மேலதிகாரிக்கு வேண்டியது எதுவும் இதில் இல்லை என்பதுதான். ஊழியர் நலமாக இருக்கிறாரா? இரண்டு அழைப்புகளுக்குப் பதில் வராதபோது விபத்தோ என்று கூட நினைத்திருக்கலாம். அறிக்கை தயாராக இருக்கிறதா, எங்கே இருக்கிறது? அவர் வரும்வரை காத்திருப்பதா, அந்தப் பகுதியை விட்டுவிட்டு நடத்துவதா? நீண்ட மன்னிப்பு ஒன்றைப் படித்து முடித்தும் இந்தக் கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

இரண்டாவது வரைவு இது:

> மேடம், நான் தூங்கிவிட்டேன். கூட்டத்துக்கு வராததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அறிக்கை முடிந்து பொதுக் கோப்புறையில் இருக்கிறது; இரண்டாம் பக்கத்தில் சுருக்கம் உள்ளது. 10.15க்குத் தொலைபேசி வழியாக இணைய முடியும். நேரில் வேண்டும் என்றால் 10.50க்கு அங்கே இருப்பேன்.

நன்றாக மாறிவிட்டது. தூக்கம் ஒரே சிறு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மீதி இடத்தை வேலை எடுத்துக்கொண்டது. 10.15 என்ற நேரமும் யோசித்துப் போட்டது: உடனே இணைகிறேன் என்று 9.55க்குப் பேச ஆரம்பித்தால் தூக்கக் கலக்கம் குரலிலும் கணக்கிலும் தெரியும். 10.50 என்பதும் அப்படியே. 9.55இலிருந்து தயாராகப் பதினைந்து நிமிடம், பயணம் முப்பத்தைந்து நிமிடம் என்றால் 10.45 ஆகிறது. 10.50 என்று சொல்லி 10.45க்கு வருவது, 10.30 என்று சொல்லிவிட்டு 10.45க்கு வருவதைவிட எவ்வளவோ மேல். தாமதமாக எழுந்தவர் சொல்லும் அடுத்த நேரமும் தவறினால், முதல் தவறைவிட அதுதான் நினைவில் நிற்கும்.

ஆனால் இதிலும் ஒன்றை மாற்றுவேன். செய்தி போய்ச் சேரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மேலதிகாரி கூட்டத்தில் இருக்கிறார். அவர் செய்தியைத் திறக்கப்போவதில்லை. அறிவிப்பாக மேலே வந்து நிற்கும் முதல் வரியை மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பார். அவருடைய கணினித் திரை சுவரில் விரிந்திருந்தால், அந்த முதல் வரியை அறையில் உள்ள எல்லோரும் படிப்பார்கள். அங்கே "நான் தூங்கிவிட்டேன்" என்று வருவது இருவருக்குமே சங்கடம். ஆகவே வரிசை மாற வேண்டும்:

> மேடம், நலமாக இருக்கிறேன். அறிக்கை பொதுக் கோப்புறையில் தயாராக உள்ளது, இரண்டாம் பக்கத்தில் சுருக்கம். 10.15க்குத் தொலைபேசியில் இணைய முடியும். நேரில் வேண்டும் என்றால் 10.50க்கு வந்துவிடுவேன். காலையில் தூங்கிவிட்டேன். கூட்டத்தைக் காக்க வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

இதை அனுப்பலாம். காரணத்தைப் பின்னுக்குத் தள்ளியது ஒளிப்பதாகாதா என்று கேட்கலாம். ஆகாது, அது தனி வாக்கியமாக, சுற்றிவளைக்காமல் நிற்கிறது. தொனியைச் சோதிக்க நான் நம்பும் ஒரே முறையும் இதில் இருக்கிறது. தூக்கத்தைப் பற்றிய வாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். மீதி தன்னளவில் பயன்படும் செய்தியாக இருந்தால் அளவு சரி. முதல் வரைவில் தூக்கத்தையும் அதற்கான வருத்தத்தையும் மறைத்தால் "உடனே கிளம்பி வருகிறேன்" மட்டும்தான் மிஞ்சும்.

வினைமுடிவுகளிலும் சற்று நிற்க வேண்டும். தமிழில் தொனி பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கிறது. "தாமதமாகிவிட்டது" என்றால் யாரும் எதுவும் செய்யவில்லை, அதுவாக நடந்தது. பேருந்து பழுதானால் அது பொருந்தும், தூங்கியதற்குப் பொருந்தாது. "தூங்கிவிட்டேன்" என்பதில் செய்தவர் இருக்கிறார். "தூங்கிப்போய்விட்டேன்" என்பது தன்னை அறியாமல் நடந்ததைச் சொல்கிறது. அதுவும் நேர்மையானதுதான், கொஞ்சம் மென்மையானது. "கண்ணயர்ந்துவிட்டேன்" வேண்டாம்: அது நாற்காலியில் சாய்ந்த சிறு தூக்கத்துக்கு உரிய சொல், இங்கே நடந்ததைக் குறைத்துக் காட்டும். "கொஞ்சம் தூங்கிவிட்டேன்" என்பதில் வரும் "கொஞ்சம்" என்பதையும் நீக்கிவிடுங்கள். கேட்கும் இடத்தில், "கூட்டத்தைத் தொடரவும்", "என் பகுதியைக் கடைசியில் வைக்கவும்" என்ற -வும் முடிவுகள் அறிவிப்புப் பலகையின் தொனியில் மேலதிகாரிக்குக் கட்டளையாகப் போய்ச் சேரும். "கடைசியில் வைக்க முடியுமா?" என்றோ, இங்கே செய்ததுபோல "நேரில் வேண்டும் என்றால்" என்றோ எழுதினால் முடிவு அவர் கையில் இருக்கும். "மன்னிக்கவும்" பழகிப்போனதால் கட்டளையாகத் தோன்றாது. ஆனால் அது வழியில் யார் மீதோ இடித்துக்கொண்டால் சொல்லும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. உண்மையான தவறுக்கு "மன்னித்துக்கொள்ளுங்கள்" ஒருமுறை போதும். "மிக மிக" என்ற அடைமொழிகள் அதைக் கூட்டுவதில்லை.

அப்படியானால் இரவு இரண்டு மணி வரை உழைத்தது வீணா? அதைச் சொல்லவே கூடாதா? சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து, காலை 9.55க்கு வேண்டாம். அதே உண்மை அந்த நேரத்தில் சாக்காகக் கேட்கும். மறுநாள் அமைதியான நேரத்தில் தகவலாகக் கேட்கும். "அறிக்கையை முடிக்க நேற்று முன்தினம் இரவு இரண்டு மணி ஆகிவிட்டது. கணக்குகள் ஒருநாள் முன்னதாகக் கிடைத்தால் அடுத்த மாதம் மாலைக்குள் முடித்துவிடுவேன்" என்று பேசும்போது தூக்கத்தைப் பற்றிய பேச்சே இல்லை. வேலையின் ஒழுங்கைப் பற்றிய நியாயமான கோரிக்கை அது. காலைச் செய்திக்குள் அதைத் திணித்தால் மன்னிப்பும் கெடும், கோரிக்கையும் கெடும்.

இதுவரை சொன்னது முதல் முறை நடப்பவருக்கு. அதே மாதத்தில் இரண்டாம், மூன்றாம் முறை என்றால் ஒப்பீடே மாறிவிடுகிறது. முன்பு நேர்மையாகக் கேட்ட "காலையில் தூங்கிவிட்டேன்", இப்போது அலட்சியமாகக் கேட்கும். மேலதிகாரியின் மனத்தில் ஏற்கெனவே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நாமே சொல்லிவிடுவதுதான் மரியாதை. "இந்த மாதத்தில் இது இரண்டாவது முறை என்பதை அறிவேன். இன்றிலிருந்து இரண்டாவது அலாரம் ஒன்றைப் படுக்கையிலிருந்து எட்டாத இடத்தில் வைக்கிறேன்." இனிமேல் நடக்காது என்ற உறுதிமொழியைவிட, எழுந்து நடந்தால்தான் அணைக்க முடியும் என்ற ஏற்பாடு நம்பத் தகுந்தது. அந்த ஏற்பாட்டையும் மீறி, போதிய நேரம் தூங்கியும், பல அலாரங்களைத் தாண்டி உறக்கம் நீள்கிறது என்றால் அது தொனியின் பிரச்சினை அல்ல. உரத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று வரும் உறக்க மூச்சுத்திணறல் காரணமாக இருக்கலாம்; சளிக்கும் ஒவ்வாமைக்கும் இரவில் போடும் சில மாத்திரைகளின் மயக்கம் காலைவரை நீள்வதாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியது மன்னிப்பு அல்ல, "இதற்காக மருத்துவரைப் பார்க்கிறேன்" என்ற தகவல்.

செய்திக்குப் பதிலாக அழைப்பு நல்லதா என்பது அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கூட்டத்தில் இருப்பவருக்குச் செய்தி. உங்களுக்காகத் தனியாக ஒரு வாசலிலோ ரயில் நிலையத்திலோ காத்து நிற்பவருக்கு அழைப்பு. காத்து நிற்பவருக்கு எழுத்தில் வரும் மன்னிப்பு, அது எவ்வளவு அளந்து எழுதப்பட்டிருந்தாலும், அவருடைய குரலை எதிர்கொள்ளத் தயங்கியதாகவே தோன்றும்.

பதில் "சரி" என்று ஒற்றைச் சொல்லாக வந்தால், அதன் தொனியைத் துருவிக்கொண்டு இன்னொரு மன்னிப்பை அனுப்ப வேண்டாம். கூட்டத்தில் இருப்பவர் அவ்வளவுதான் தட்டச்சு செய்ய முடியும். பதில் கோபமாக வந்தால், உதாரணமாக "ஆறு பேர் உங்களுக்காகக் காத்திருந்தோம்" என்று வந்தால், அதற்கும் விளக்கம் வேண்டாம், "ஆமாம் மேடம், தவறு என்னுடையது. 10.15க்கு இணைகிறேன்" என்பதோடு நிறுத்திவிட்டு, மீதி நிமிடங்களில் இரண்டாம் பக்கத்தின் எண்களை ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.